வீட்டில் செய்த சீனிச்சம்பலை வாடகைக் குசினியில் செய்தபோது சுவை மாறியது ஏன்?

உப்புவெளி மருமகள்

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறேன். இரண்டு வருடங்களாக என் மாமியின் கைப்பக்குவத்தில் சீனிச்சம்பல் செய்து, 200 கிராம் போத்தல்களில் அடைத்து, நிலாவெளி வீதியிலுள்ள சில விருந்தினர் விடுதிகளுக்கும் நகரத்தில் இரண்டு கடைகளுக்கும் கொடுத்து வருகிறேன். வீட்டில் ஒரு தடவைக்கு 2 கிலோ பெரிய வெங்காயத்தில்தான் செய்ய முடியும். சித்திரைக்குப் பிறகு வெளிநாட்டுப் பயணிகள் வரும் காலத்தில் அது போதாது என்பதால், சென்ற மாதம் நகரத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் ஒரு குசினியில், எல்லாப் பொருட்களையும் சரியாக 5 மடங்காக்கி, 10 கிலோ வெங்காயத்தில் செய்தேன்.

பார்வைக்கு வீட்டுச் சம்பலைப் போலவே கருஞ்சிவப்பாக இருந்தது. ஆனால் ஒரு விடுதிக்காரர் இனிப்பும் உப்பும் குறைவு என்றார், இன்னொருவர் பின்னால் ஒரு கசப்பு நிற்கிறது என்றார். மூன்றாவது வாரத்தில் இரண்டு போத்தல்களின் மூடியைத் திறந்தபோது சோடாப் போத்தலைப் போல "உஸ்" என்று காற்று வந்தது. ஒன்றில் மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அளவுகளை நான் சிறிதும் மாற்றவில்லை. அதே கடையின் வெங்காயம், அதே மாசி, அதே தேங்காய் எண்ணெய். எங்கே தவறியது என்று தெரிந்தவர்கள் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

துறைமுகவாசி

தங்கச்சி, மணிக்கணக்கு வாடகை என்பதே நட்டம். நானும் கேட்டரிங்குக்காக ஓர் இடம் எடுத்து, வாடகைப் பணத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு, பாலையூற்றில் வீட்டின் பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டேன். மாத வாடகையாகப் பேசிப் பாருங்கள், பாதியாகக் குறையும்.

உப்புவெளி மருமகள்

நன்றி அண்ணா. ஆனால் என் கவலை வாடகையைப் பற்றியதல்ல, சுவை மாறியதையும் பண்டம் பழுதானதையும் பற்றியது.

பண்டசாலை

இது எளிய விடயம். பெரிய அளவில் செய்யும்போது சீனியும் உப்பும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். நான் அச்சாறு போடும்போது இதைக் கண்டிருக்கிறேன். அடுத்த தடவை சீனியை 1 கிலோவுக்குப் பதிலாக 1.2 கிலோ போடுங்கள், உப்பையும் ஒரு பிடி கூட்டுங்கள். போத்தலில் காற்று வருவதற்குக் கடையில் விற்கும் சோடியம் பென்சோவேற் ஒரு சிட்டிகை போதும். புளி இருப்பதால் அது நன்றாக வேலை செய்யும்.

பழைய தாச்சி

அவசரப்பட்டுச் சீனியைக் கூட்ட வேண்டாம். நான் முப்பது வருடங்கள் விடுதிக் குசினிகளில் வேலை செய்தவன். எனக்கு நான்கு விடயங்கள் தெரிய வேண்டும். முதலாவது, வீட்டில் 2 கிலோ வெங்காயத்துக்கு முடிவில் எத்தனை போத்தல் கிடைக்கும், வாடகைக் குசினியில் 10 கிலோவுக்கு எத்தனை கிடைத்தது? இரண்டாவது, இரண்டு தாச்சிகளின் வாயகலம் என்ன? மூன்றாவது, எதைப் பார்த்து அடுப்பை நிறுத்தினீர்கள், நேரத்தையா நிறத்தையா? நான்காவது, வெங்காயம் வெட்டப்பட்டதிலிருந்து எண்ணெயில் விழும் வரை வீட்டில் என்ன நடக்கிறது?

கடைசிக் கேள்விக்கு உடனே "ஒன்றுமில்லை" என்று எழுதிவிடாமல், வீட்டில் யார் செய்கிறார்களோ அவர்களோடு இருந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மீதமுள்ள போத்தல்களை யாருக்கும் கொடுக்க வேண்டாம், கொடுத்தவற்றையும் திருப்பி எடுங்கள். காற்று வருவது நொதித்தலின் அடையாளம், அது கண்ணுக்குத் தெரிகிறது. எண்ணெய்க்குள் ஈர வெங்காயம் மூடப்பட்டுக் கிடக்கும் போத்தலில் மணத்தாலும் நிறத்தாலும் தெரியாத தீங்கும் வளரக்கூடும்.

உப்புவெளி மருமகள்

எல்லாவற்றையும் திருப்பி எடுத்துவிட்டேன் ஐயா. முதல் மூன்று கேள்விகளுக்கும் பதில் இதோ.

வீட்டில் ஒரு தடவைக்குச் செல்லும் பொருட்கள்: வெட்டிய வெங்காயம் 2 கிலோ, தேங்காய் எண்ணெய் 400 கிராம், இடித்த மாசி 150 கிராம், இடித்த செத்தல் மிளகாய் 60 கிராம், கரைத்த பழப்புளி 210 கிராம், சீனி 200 கிராம், உப்பு 40 கிராம், வாசனைக்குக் கறுவா, ஏலம், ரம்பை. முடிவில் 6 போத்தல் நிறைந்து ஏழாவதில் முக்கால் பங்கு வரும். அதாவது சுமார் 1,350 கிராம். வாடகைக் குசினியில் 38 போத்தல் கிடைத்தது. 34 தான் வரும் என்று நினைத்திருந்தேன். நாலு போத்தல் கூடுதலாக வந்ததைக் கண்டு அன்று எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

வீட்டுத் தாச்சி இரும்பு, வாயகலம் 40 சென்ரிமீற்றர். வாடகைக் குசினியில் இருப்பது 60 சென்ரிமீற்றர் அலுமினியத் தாச்சிகள், இரண்டு உள்ளன. ஒன்றில்தான் செய்தேன். வீட்டில் வெங்காயம் பொரிந்து முடிய ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். அங்கே இரண்டு மணித்தியாலத்தின் பின்பும் வெங்காயம் தளர்ந்து கிடந்ததே தவிர நிறம் வரவில்லை. வாடகை நேரம் முடியப் போகிறது என்று அடுப்பைக் கூட்டிவிட்டு, சீனியையும் மிளகாயையும் போட்டேன். அதன் பிறகு நிறம் விரைவாக வந்தது, நிறுத்திவிட்டேன்.

நான்காவது கேள்விக்கு மாமி மன்னாரிலிருந்து திரும்பி வந்ததும் கேட்டு எழுதுகிறேன்.

பழைய தாச்சி

கூடுதலாக வந்த அந்த நாலு போத்தல்தான் பதில், மகள். அது தண்ணீர்.

10 கிலோ வெங்காயத்தில் ஏறத்தாழ 8.8 கிலோ தண்ணீர்தான். சீனிச்சம்பல் என்பது அந்தத் தண்ணீரில் பெரும்பங்கை ஆவியாக்கி, மிஞ்சியதை எண்ணெயாலும் சீனியாலும் உப்பாலும் பூட்டி வைக்கும் வேலை. உங்கள் பொருட்கள் எல்லாவற்றையும் கூட்டினால் வீட்டுத் தடவையில் 3,060 கிராம் உள்ளே போகிறது, 1,350 வெளியே வருகிறது. 5 மடங்கில் 15.3 கிலோ உள்ளே போயிருக்கும், 6.75 கிலோ வந்திருக்க வேண்டும். 38 போத்தல் என்றால் 7.6 கிலோ. ஆகவே வெளியே போயிருக்க வேண்டிய 850 கிராம் தண்ணீர் உள்ளேயே தங்கிவிட்டது. நான் போட்ட கணக்கின்படி, வீட்டுச் சம்பலில் ஈரம் நூற்றுக்கு 18 அளவில் இருக்கும், அன்றைய சம்பலில் 27 அளவுக்கு ஏறியிருக்கும். நொதித்தல் நடந்ததற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

இனிப்பும் உப்பும் குறைந்ததாக விடுதிக்காரர் சொன்னதும் இதனால்தான். நீங்கள் போட்ட 1 கிலோ சீனி 6.75 கிலோவுக்குள் இருக்க வேண்டியது, 7.6 கிலோவுக்குள் விரிந்துவிட்டது. பண்டசாலை சொல்வது போல இப்போது சீனியைக் கூட்டினால், அடுத்த தடவை தண்ணீர் சரியாக வற்றும்போது சம்பல் தெவிட்டும். பிறகு சீனியைக் குறைப்பீர்கள். இப்படியே போனால் ஆறு மாதத்தில் மாமியின் கைப்பக்குவம் உங்களிடம் இருக்காது.

தண்ணீர் ஏன் வற்றவில்லை என்பதற்குத் தாச்சியின் அளவே சாட்சி. வாயகலம் 40 இலிருந்து 60 ஆகும்போது ஆவி வெளியேறும் பரப்பு 2.25 மடங்குதான் கூடுகிறது. நீங்கள் போட்ட வெங்காயமோ 5 மடங்கு. வீட்டில் நாலு விரல் ஆழத்தில் கிடந்த வெங்காயம் அங்கே எட்டு விரலுக்கு மேல் கிடந்திருக்கும். மேலே உள்ளதன் பாரத்தில் கீழே உள்ளது தன் சாற்றிலேயே அவியும், பொரியாது. தண்ணீர் இருக்கும் வரை அந்த இடத்தின் சூடு கொதிநிலையைத் தாண்டாது, வெங்காயம் சிவக்க அதைவிட அதிகச் சூடு தேவை. அதனால்தான் இரண்டு மணித்தியாலமாகத் தளர்ந்தே கிடந்தது.

பிறகு நிறம் வந்ததாகச் சொன்னீர்களே, அது வெங்காயத்தின் நிறமல்ல. மெல்லிய அலுமினியத்தின் அடியில் சீனி ஒட்டிக் கருகிய நிறமும் மிளகாயின் நிறமும்தான். பின்னால் நின்ற கசப்பு அந்தச் சீனியுடையது. போத்தல் ஒன்றை வெள்ளைத் தட்டில் கொட்டி, வெங்காயத் துண்டொன்றை விரலால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே வெளிறி, வழுக்கினால் அவிந்த வெங்காயம். இழையாகப் பிய்ந்து, நசுக்கும்போது எண்ணெய் மட்டும் வந்தால் பொரிந்தது.

உப்புவெளி மருமகள்

தட்டில் கொட்டிப் பார்த்தேன். வெளியே சிவப்பு, உள்ளே கண்ணாடி போல வெளிறி வழுக்குகிறது. நசுக்கியபோது தட்டில் முதலில் தண்ணீரும் அதன் ஓரத்தில் எண்ணெயும் தனித்தனியாகப் பரவின. இவ்வளவு தெளிவாகத் தெரிவதை அன்று நான் பார்க்கவே இல்லை.

பண்டசாலை

ஐயாவின் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் எங்கள் பெரியவர்கள் கலியாண வீட்டுச் சமையலில் 5 மடங்கு அரிசிக்கு 5 மடங்கு மிளகாய் போட மாட்டார்கள், மூன்றரை மடங்குதான் போடுவார்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்?

பழைய தாச்சி

இருக்கிறது. பெரிய பாத்திரத்தில் குழம்பு குறைவாக வற்றும் என்பதால், அவர்கள் தண்ணீரையும் மடங்காகச் சேர்ப்பதில்லை, அதற்கேற்பத் தூளையும் குறைக்கிறார்கள். முடிவில் எவ்வளவு நிற்கும் என்பதைக் கண்ணால் அறிந்தவர்களின் கணக்கு அது. இங்கே முடிவு நிறையை நாம் தராசில் பிடித்து வைத்திருக்கிறோம். முடிவு நிறை சரியாக 5 மடங்கு என்றால் சீனி, உப்பு, மிளகாய், மாசி எல்லாம் நேராக 5 மடங்குதான். கறுவா, ஏலம், ரம்பை மட்டும் விதிவிலக்கு. அவற்றின் வாசனை நெருப்பில் இருக்கும் நேரத்தோடு பறக்கும். அதை வாயால்தான் தீர்மானிக்க வேண்டும்.

பென்சோவேற் பற்றி ஒரு வார்த்தை. புளிப்பான பண்டத்தில்தான் அது வேலை செய்யும் என்று நீங்கள் சொன்னது சரி. ஆனால் இந்தச் சம்பலில் உள்ள புளி அதற்குப் போதுமா என்பதை அளக்காமல் சொல்ல முடியாது. "ஒரு சிட்டிகை" என்பது அளவுமல்ல. அதற்குச் சட்டத்தில் எல்லை உண்டு, சுட்டியிலும் எழுத வேண்டும். ஈரம் நிற்கும் சம்பலை மருந்தால் காப்பாற்ற நினைப்பது எனக்குப் பிடிக்காத வழி.

இனிச் செய்ய வேண்டியது. 10 கிலோவை இரண்டு தாச்சிகளில் 5 கிலோ வீதம் பிரியுங்கள். 60 சென்ரிமீற்றரில் 5 கிலோ கிடந்தால் ஆழம் ஏறத்தாழ வீட்டு ஆழமே. வெறும் தாச்சியை முதலில் நிறுங்கள். வீட்டில் ஒரு தடவை செய்யும்போது, மற்றப் பொருட்களைச் சேர்ப்பதற்குச் சற்று முன், வெங்காயமும் எண்ணெயும் சேர்ந்து எவ்வளவு நிற்கிறது என்று தாச்சியோடு தூக்கி நிறுத்துப் பாருங்கள். என் ஊகம் 850 கிராம் அளவில் வரும். அதுவே உங்கள் முதல் தரிப்பிடம், 1,350 இரண்டாவது. இந்த இரண்டு நிறைகளும் வரும் வரை நேரத்தையும் நிறத்தையும் நம்ப வேண்டாம். வெங்காயம் முதல் நிறைக்கு வராமல் சீனி உள்ளே போகக் கூடாது.

கிண்ணியா உம்மா

நான் கறித்தூள் செய்து விற்கிறேன். என் அனுபவம் வேறு, ஆனாலும் சொல்கிறேன். வீட்டில் இடித்ததை விட்டு வாடகை ஆலைக்குப் போனபோது, எனக்கு முன் அரைத்தவரின் சீரக மணம் என் தூளில் ஏறிவிட்டது. இப்போது முதலில் ஒரு கிலோ அரிசியை அரைத்து எறிந்துவிட்டுத்தான் என் சரக்கைப் போடுகிறேன். வாடகைக் குசினித் தாச்சியில் முதல்நாள் புரியாணியோ மீனோ செய்திருப்பார்கள், அதையும் கவனியுங்கள் மகள். தாச்சியில் தண்ணீர் கொதிக்க வைத்து அந்த ஆவியை மணந்து பார்த்தால் தெரிந்துவிடும். முடிந்தால் அகப்பையும் மூடியும் உங்களுடையதாகவே கொண்டு போங்கள்.

உப்புவெளி மருமகள்

மாமி வந்துவிட்டார். நான்காவது கேள்விக்கு நான் "ஒன்றுமில்லை" என்றுதான் எழுதியிருப்பேன், மாமியிடம் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். ஆனால் ஐயா சொன்னபடி இன்று காலை பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

வெங்காயத்தை வெட்டி முடித்ததும் மாமி அதைச் சுளகுகளில் பரப்பி முற்றத்து வெயிலில் வைத்துவிட்டுச் சாமி கும்பிடப் போனார். வந்து தேநீர் குடித்து, மாசி இடித்து, புளி கரைத்து, அதன் பிறகுதான் அடுப்பை மூட்டினார். ஒன்றரை மணித்தியாலம். இடையில் ஒரு தடவை கையால் கிளறிவிட்டார். கேட்டால், "ஈரம் உலரட்டும் என்று வைப்பதுதான், அது ஒரு வேலையா?" என்கிறார். நான் நிறுத்துப் பார்த்தேன். 2 கிலோ வைத்தது 1.7 கிலோவாக இருந்தது. வாடகைக் குசினியில் இயந்திரத்தில் வெட்டிய கையோடு எண்ணெயில் போட்டேன். அப்படியென்றால் அங்கே நெருப்பு ஒன்றரைக் கிலோ தண்ணீரைக் கூடுதலாகச் சுமந்திருக்கிறது.

இன்னொன்றும் கண்டேன். மாமி வெட்டும் துண்டு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்பு. இயந்திரம் அதன் பாதித் தடிப்பில் வெட்டியதோடு, தட்டில் சாறும் தேங்கியிருந்தது.

பொரிந்து முடிந்த நேரத்தில் நிறை 860 கிராம், ஐயாவின் ஊகத்துக்கு மிக அருகில்.

பழைய தாச்சி

நான் எதிர்பார்த்தது இதைத்தான். கை பழகியவர்கள் எதை வேலையாக எண்ணுவதில்லையோ, அது எழுதி வைத்த அளவுகளில் வராது. இயந்திரத்தின் தகட்டை 3 மில்லிமீற்றருக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மெல்லியதாக வெட்டினால் விரைவில் கருகிவிடும்.

சுகாதாரம் முதலில்

வெயிலில் உலர்த்துவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வீட்டு முற்றம் வேறு, பலருக்கு விற்கும் உணவு தயாரிக்கும் இடம் வேறு. நகரத்து வாடகைக் குசினியின் பின்புறத்தில் திறந்த வெளியில் 10 கிலோ வெங்காயத்தைப் பரப்பினால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் நிச்சயம் கேள்வி கேட்பார், அது நியாயமான கேள்வியும்கூட. ஈயும் புழுதியும் காகமும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மழை தொடங்கினால் வெயிலும் இருக்காது. அப்போது சுவை மறுபடியும் மாறுமல்லவா?

பழைய தாச்சி

மழைக்காலம் பற்றிச் சொன்னது மிகச் சரி. வெயில் இல்லாவிட்டால், வலைத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, கதவு மூடிய அறையில் மின்விசிறியின் கீழ் வைக்கலாம். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், 5 கிலோ 4.25 கிலோவாகும் வரை. ஈரக் காற்றில் அது அரை நாளும் எடுக்கலாம், அப்படி எடுத்தால் வெங்காயம் மணம் மாறத் தொடங்கும். அதற்கு உலர்த்தும் பெட்டி தேவைப்படும். வெயில் காயாமல் நெருப்பிலேயே முழுத் தண்ணீரையும் வற்ற வைத்தாலும் நிறை சரியாக வரும். சுவை அதேதானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

உப்புவெளி மருமகள்

நேற்று மறுபடியும் செய்தேன். விரிவாக எழுதுகிறேன்.

வெங்காயத்தை வீட்டில் மாமியும் நானும் கையால் வெட்டி, வலை மூடிய தட்டுகளில் மொட்டைமாடியில் உலர்த்தி, 10 கிலோவை 8.5 கிலோவாக்கிப் பெட்டியில் கொண்டு போனேன். வெறும் தாச்சி 3.5 கிலோ. ஒவ்வொரு தாச்சியிலும் வீட்டு அளவின் இரண்டரை மடங்கு. அதனால் முதல் தரிப்பிடத்தில் தராசு 5.6 காட்ட வேண்டும், முடிவில் 6.9 காட்ட வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினேன். முதல் தாச்சியில் எனக்கு நிறம் வந்துவிட்டதாகத் தோன்றிய நேரத்தில் தூக்கி நிறுத்தபோது 6.1 இருந்தது. அரைக் கிலோ தண்ணீர்! எழுதி ஒட்டியிராவிட்டால் அப்போதே சீனியைப் போட்டிருப்பேன். இன்னும் இருபது நிமிடம் பிடித்தது. அடுப்பை அணைத்த பிறகும் தாச்சியின் சூட்டில் சம்பல் கறுத்துக்கொண்டே போவதைக் கண்டு, இரண்டாவது தாச்சியை உடனே அகன்ற தட்டுகளில் கொட்டிப் பரப்பினேன். முதல் தாச்சி ஒரு நிழல் கறுப்பாகவே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 6.8 கிலோ. 34 போத்தல்.

இரவு வீட்டில் ஆறு பேருக்கு, மூன்று கிண்ணங்களில், இரண்டில் ஒரே சம்பலும் ஒன்றில் மற்றதுமாக வைத்து, எது வேறு என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். வீட்டுச் சம்பலோடு இரண்டாவது தாச்சியை வைத்தபோது இருவர்தான் சரியாகச் சொன்னார்கள். முதல் தாச்சியை வைத்தபோது ஐவர் சொன்னார்கள், மாமி மணந்தே சொல்லிவிட்டார்.

பழைய தாச்சி

மூன்று கிண்ணத்தில் குருட்டாம்போக்கில் சொன்னாலே ஆறு பேரில் இருவர் சரியாகச் சொல்லக்கூடும். ஆகவே இரண்டாவது தாச்சியை வீட்டுச் சம்பலிலிருந்து அவர்களால் பிரிக்க முடியவில்லை என்று கொள்ளலாம். ஐவர் சொன்னது தற்செயலல்ல. முதல் தாச்சிப் போத்தல்களைத் தனியாக வையுங்கள், நீங்கள் பெயர் போட்டு விற்கும் சுவை அதுவல்ல.

விற்பனைக்கு முன் இரண்டு போத்தல்களைக் கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பி, கிருமிகள் வளரப் பயன்படக்கூடிய நீர் பண்டத்தில் எவ்வளவு என்பதைக் காட்டும் நீர்ச் செயற்பாடு என்ற அளவைக் கேளுங்கள். 0.85 இற்குக் கீழே நின்றால் நோய் தரும் பற்றீரியாக்களின் கவலை பெரும்பாலும் தீரும். பூஞ்சணம் அதற்குக் கீழேயும் வளரக்கூடும் என்பதால் போத்தல் உலர்ந்திருக்க வேண்டும், மூடியின் உட்புறம் வியர்க்கும் சூட்டில் அடைக்கவும் கூடாது.

பண்டசாலை

ஒவ்வொரு மாதமும் ஒப்பிட்டுப் பார்க்க இந்த வீட்டுச் சம்பலில் சில போத்தல்களை உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். நானும் என் அச்சாறுக்கு இனி அப்படிச் செய்யப் போகிறேன்.

கிண்ணியா உம்மா

உறைபெட்டியில் வைத்தால் ஏலமும் ரம்பையும் மங்கிவிடும் என்பது என் எண்ணம். மாதத்துக்கொரு தடவை மாமி வீட்டுத் தாச்சியில் 2 கிலோ செய்வதோடு ஒப்பிடுவதுதான் நல்லது.

உப்புவெளி மருமகள்

இரண்டையும் செய்து பார்க்கிறேன். உறைபெட்டியில் 4 போத்தல் வைத்துவிட்டேன், புரட்டாதியில் மாமி புதிதாகச் செய்யும்போது மூன்று கிண்ணத்தில் வைத்து, என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன். இயந்திரத் தகடு 3 மில்லிமீற்றரில் கிடைக்கும் என்று குசினிக்காரர் சொல்லியிருக்கிறார். மழைக்கு முன் அதிலும் ஒரு தாச்சி செய்து பார்க்க வேண்டும்.